எல்லா வேலையுமா, ஒரே வேலையா: புதிதாகத் தொடங்கும் ஃபிரீலான்சருக்கு ஒரு கணக்கு

ஃபிரீலான்சராகத் தொழில் தொடங்கிய முதல் வாரத்தில் நான் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த விளம்பரம் இது: ‘லோகோ, போஸ்டர், அழைப்பிதழ், தமிழ்த் தட்டச்சு, வீடியோ எடிட்டிங், இணையதளம் ஆகியவை குறைந்த விலையில் செய்து தரப்படும்.’ அதில் பொய் எதுவும் இல்லை. ஆறு வேலைகளையும் ஓரளவுக்குச் செய்யத் தெரிந்திருந்தது. ஒன்றை மட்டும் குறிப்பிட்டால் மற்ற ஐந்தையும் தேடுகிறவர்கள் நம்மைக் கடந்து போய்விடுவார்கள் என்ற அச்சமே அந்த வரியை அவ்வளவு நீளமாக்கியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அப்படியே தொழில் செய்துவிட்டு, பிறகு பழைய எழுத்துருக்களில் கிடக்கும் தமிழ் நூல் கோப்புகளை யூனிகோடு எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றிப் பக்கம் அமைத்துத் தருவது என்ற ஒரே வேலைக்கு ஒதுங்கினேன். இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்தவன் என்ற முறையில், அவற்றையும் அவற்றுக்கு நடுவிலுள்ள இன்னொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

மூன்று வழிகளையும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தெரிந்த எல்லாத் திறன்களையும் கேட்கிற எல்லாருக்கும் விற்பது முதல் வழி. ஒரே ஒரு திறனை, என் விஷயத்தில் பக்க வடிவமைப்பை, யார் கேட்டாலும் செய்துகொடுப்பது இரண்டாவது. ஒரு குறிப்பிட்ட வகை வாடிக்கையாளருக்கு இருக்கும் ஒரு குறிப்பிட்ட சிக்கலை மட்டும் தீர்த்துத் தருவது மூன்றாவது. ‘குறுகிய துறையைத் தேர்ந்தெடு’ என்று அறிவுரை சொல்பவர்களில் பலர் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நடைமுறையில் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது.

எல்லாம் செய்த ஒரு மாதம்

அந்தக் காலத்தில் நான் எழுதி வைத்திருந்த நோட்டிலிருந்து ஒரு மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு லோகோவுக்கு 1,500 ரூபாய், ஒரு துணிக்கடைக்கான போஸ்டர்களுக்கு 1,000 ரூபாய், 40 பக்கத் தட்டச்சுக்கு 600 ரூபாய், ஒரு காதணி விழா வீடியோவை வெட்டி ஒட்டியதற்கு 2,000 ரூபாய், வீட்டுமனை விற்பவர் ஒருவருக்கு வேர்ட்பிரஸில் செய்துகொடுத்த இணையதளத்திற்கு 6,000 ரூபாய் என மொத்தம் 11,100 ரூபாய் வந்தது. வேலையில் உட்கார்ந்த நேரம் 96 மணி. இதை மட்டும் பார்த்தால் மணிக்கு 115 ரூபாய் தேறுகிறது. தொடக்கநிலையில் அது மோசமில்லை என்றுகூடத் தோன்றும்.

ஆனால் நோட்டின் மறுபக்கத்தில், யாரும் பணம் தராத நேரத்தையும் குறித்து வைத்திருந்தேன். வேலை தேடியது, விலை சொல்லிக் காத்திருந்தது, கிடைக்காமல் போன வேலைகளுக்கு மாதிரி செய்து அனுப்பியது, வீட்டுமனைத் தளத்தில் வரைபடத்தைப் பொருத்துவது எப்படி என்று யூடியூபில் கற்றது, வீடியோவுக்கு உரிமச் சிக்கல் இல்லாத இசையைத் தேடியது என்று அது 70 மணி நேரம். இரண்டையும் கூட்டி 166 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 67 ரூபாய்க்கும் குறைவு. எல்லாம் செய்பவருடைய உண்மையான செலவு இந்த 70 மணி நேரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. வரைபடத்தைப் பொருத்தக் கற்றதனால் அடுத்து வந்த காதணி விழா வீடியோ ஒரு நிமிடம்கூட விரைவாக முடியவில்லை. ஒவ்வொரு வேலையும் தன் பாடத்தைத் தன்னோடேயே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இதனோடு சேர்ந்து வருவது விலை சொல்வதில் நேரும் பிழை. ஒரே வகை வேலையைப் பத்து முறை செய்தவருக்கு, அது எங்கே இழுக்கும் என்று முன்கூட்டியே தெரியும். முதல்முறை செய்கிறவர் ஊகத்தில் விலை சொல்கிறார்; அந்த ஊகம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். வீட்டுமனைத் தளத்திற்கு நான் 6,000 ரூபாய் சொன்னபோது, எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பதையோ, மனைகளின் படங்களையும் விவரங்களையும் யார் தர வேண்டும் என்பதையோ பேசவே இல்லை. பேச வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அந்த வேலை அடுத்த மூன்று மாதங்களுக்கு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பாக நீண்டது. வாடிக்கையாளர்மீது குறை சொல்ல முடியாது. எல்லையை வரைய வேண்டியவன் நான்தான். எல்லை எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த வழி எங்குமே பலிக்காது என்று சொல்லிவிடவும் கூடாது. எங்கள் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டிடிபி கடைக்காரர் மனு எழுதித் தருகிறார், விசிட்டிங் கார்டு அடிக்கிறார், ஃபிளக்ஸுக்கு வடிவமைக்கிறார், பாஸ்போர்ட் அளவுப் படமும் எடுக்கிறார். இருபது ஆண்டுகளாக நன்றாகவே நடத்துகிறார். அவரைத் தேடி வருபவர்கள் அவருடைய திறனைப் பார்த்து வருவதில்லை. அந்த இடத்தில் அவர் இருப்பதால் வருகிறார்கள். நூறடி தூரத்துக்குள் எல்லாம் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களுடைய தேவை. அவருடைய குறுகிய வட்டம் அந்தத் தெருதான். அந்தத் தெரு இல்லாமல் இணையத்தின் வழியாகத் தொழில் செய்ய நினைப்பவர், அவரைப் பார்த்து அதே பலகையை எழுதி மாட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது.

நடுவழி

‘பக்க வடிவமைப்பு மட்டும்’ என்று சுருக்கிக்கொண்ட நான்கு மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மென்பொருள் ஒன்றாகிவிட்டதால் கை வேகம் கூடியது. ஆனால் உணவகத்தின் விலைப்பட்டியலுக்கும், பள்ளியின் ஆண்டு மலருக்கும், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கும் பொதுவாக இருப்பது அந்த மென்பொருள் மட்டுமே. யாரிடம் பேசுவது, எது தவறினால் அவர் கோபப்படுவார், எப்போது பணம் தருவார் என்பவை ஒவ்வொன்றிலும் வேறு. ஆண்டு மலர் செய்துகொடுத்த பள்ளி எனக்கு இன்னொரு பள்ளியைக் காட்டியிருக்கலாம். நான் பள்ளிகளுக்கான ஆள் என்று அவர்கள் நினைக்காததால் காட்டவில்லை. திறன் சுருங்கியது, வாடிக்கையாளர் வட்டம் அப்படியே பரந்து கிடந்தது. ஆகவே தேடலில் செலவான நேரம் குறையவே இல்லை.

ஒரே சிக்கல், ஒரே வகை ஆள்

மூன்றாவது வழிக்கு நான் திட்டமிட்டு வரவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் நினைவுக் குறிப்புகளின் இரண்டாம் பதிப்புக்காக ஒரு சிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். 2004-இல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்த நூல், எழுத்துரு பாமினி. ‘அப்படியே எடுத்து அடித்தால் போதும்’ என்றார். அப்படியே எடுக்க முடியாது என்பதுதான் அந்த வேலையின் சாரம் என்பது எனக்கும் அப்போது தெரியாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பவை. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். அச்சு நூலுக்கு இது பல ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. அமேசானின் கிண்டில் 2016-இல் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியபோது, ஒருங்குறியில் இல்லாத இந்தக் கோப்புகள் மின்னூலுக்கு உதவாதவை ஆயின. போதாக்குறைக்கு, இன்று பக்கம் அமைக்கப் பயன்படும் இன்டிசைன் மென்பொருளின் புதிய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதே இல்லை. இருபது, முப்பது ஆண்டு நூல்களை இந்த வடிவத்தில் அடுக்கி வைத்திருக்கும் சிறு பதிப்பகங்களுக்கு, மறுபதிப்பு என்றாலே மீண்டும் தட்டச்சா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

எழுத்துருவை மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. ‘அதில் ஒட்டி எடுத்தால் ஒரு நொடி வேலைதானே’ என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஒரு நொடிக்குப் பிறகு வருவதற்குத்தான் நான் கூலி வாங்குகிறேன். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்குத் தனி எழுத்து கிடையாது, ளகரத்தையே தட்டுவார்கள். ‘கௌரவம்’ என்பது `nfsutk;` என்று இருக்கும். அதிலுள்ள `s` ளகரமா, ஔகாரத்தின் பாதியா என்று மாற்றிக்குத் தெரியாது. ஒரு வகை மாற்றி அதை ளகரமாகவே எடுத்து ‘கெளரவம்’ என்று தரும். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிந்தாலும் மின்னூலில் ‘கௌரவம்’ என்று தேடினால் கிடைக்காது. இன்னொரு வகை மாற்றி அதிபுத்திசாலித்தனமாக எல்லா இடத்திலும் ஔகாரமாக்கி, ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ என்று ஆக்கிவிடும். பதிப்பாளருடைய தொழிலின் பெயரே பிழையாக அச்சேறுவதைவிடச் சங்கடம் வேறென்ன இருக்கிறது?

முதல் நூலில் இதை நான் கவனிக்கவில்லை. ஆசிரியர்தான் மூன்றாம் மெய்ப்பில் வட்டமிட்டு அனுப்பினார். ஆங்கிலச் சொற்களும் அப்படித்தான். கோப்பில் ரோமன் எழுத்துருவில் இருந்த `London` போன்ற சொற்களையும் அந்த மாற்றி மென்பொருள் பாமினி என்றே எடுத்துக்கொண்டு, ‘டு’வில் தொடங்கும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக்கி வைத்திருந்தது. அவற்றைத் தேடிப் பிடிக்கவே ஒன்றரை நாள் ஆயிற்று. இன்டிசைனில் `Adobe World-Ready Paragraph Composer` என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒருங்குறித் தமிழை ஊற்றியதால், கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. நான் எழுத்துருவைக் குறை சொல்லி மூன்று எழுத்துருக்களை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகத்துக்குப் போன பிறகு, எழுத்துகள் தனிக் கருப்பில் இல்லாமல் நான்கு வண்ணக் கலவையில் இருப்பதாகச் சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த 176 பக்க நூலுக்குப் பக்கத்துக்கு 30 ரூபாய் வீதம் 5,280 ரூபாய் வாங்கினேன். 52 மணி நேரம் ஆயிற்று. மணிக்கு 101 ரூபாய். எல்லாம் செய்த மாதத்தை ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. வேறுபாடு நான்காவது நூலில்தான் தெரிந்தது. 192 பக்கம், அதே 30 ரூபாய், மொத்தம் 5,760 ரூபாய். வேலை நேரம் 19 மணி. பதிப்பாளரோடு பேசியதையும் கோப்பு அனுப்பி வாங்கியதையும் சேர்த்தால் 24 மணி. மணிக்கு 240 ரூபாய். விலையை நான் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. முதல் நூலில் நேர்ந்த ஒவ்வொரு தவறும் ஒரு சரிபார்ப்புத் தாளில் ஏறியிருந்தது: மாற்றுவதற்கு முன் ரோமன் எழுத்துருவில் உள்ளவற்றை எழுத்துரு வழியாகத் தேடி அடையாளமிட வேண்டும், மாற்றிய பின் ஔகாரக் குறி வரும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப் பார்க்க வேண்டும், பிறகு எகரக் கொம்பையடுத்து ளகரம் வரும் இடங்களையும் பார்க்க வேண்டும். தமிழில் ஔகாரம் வரும் சொற்கள் கௌரவம், பௌர்ணமி, மௌனம், சௌகரியம் என்று சிலவே ஆதலால் அரை மணி நேரத்தில் ஒரு நூலை அலசிவிடலாம். இந்தத் தாள் போஸ்டருக்கு உதவாது, வீடியோவுக்கு உதவாது. அடுத்த பழைய நூலுக்கு முழுக்க முழுக்க உதவும்.

குறுகிய துறை என்றால் உடனே அதிக விலை கேட்கலாம் என்று சொல்லப்படுவதை நான் நம்புவதில்லை. தொடக்கநிலையில் இருப்பவரிடம் யாரும் அதிக விலைக்கு வாங்குவதில்லை. அவருக்குக் கிடைப்பது மறுபடி மறுபடி ஒரே வேலை வரும் வாய்ப்பு. அதனால் நேரம் குறைகிறது, நேரம் குறைவதால் வருமானம் ஏறுகிறது. விலை அதற்குப் பிறகு, மிக மெதுவாகத்தான் ஏறும்.

பேச்சும் மாறியது. எல்லாம் செய்த காலத்தில் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் முதலில் கேட்பது ‘எவ்வளவு?’ என்பதாகவே இருக்கும். ஆறாவது நூலுக்காக ஒரு பதிப்பாளரிடம் பேசியபோது, ‘கோப்பு பாமினியா, டாப் எழுத்துருவா, ஐயா? தட்டச்சு செய்தவர் ஔகாரத்துக்கு ளகரம் போட்டிருக்கிறாரா என்று ஒரு பக்கம் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்’ என்றேன். எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. ‘தம்பி, போன தடவை அதுலதான் மாட்டிக்கிட்டோம்’ என்றார். விலையைப் பற்றிய பேச்சு பத்து நிமிடம் கழித்தே வந்தது. அதுவும் முடிக்க எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்குப் பின்னால் வந்தது. 164 பக்கம் வரும்போல் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் 16 பக்கம் கொண்ட ஃபாரக் கணக்கில் நான்கு பக்கம் தனியாகத் தொங்கும், வரி இடைவெளியைச் சற்றே குறைத்து 160-க்குள் அடக்கினால் சரியாகப் பத்து ஃபாரத்தில் முடித்துவிடலாம் என்று என்னால் சொல்ல முடிந்தது. என் கூலியில் அதனால் 120 ரூபாய் குறைந்தது. அடுத்த இரண்டு நூல்கள் அவரிடமிருந்தே வந்தன.

ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒரு துறை குறுகலாக இருக்கிறது என்பதற்காகவே அதில் பிழைப்பு நடக்கும் என்று பொருளில்லை. தனக்குப் பிடித்தது என்பதற்காக ‘கவிதை நூல்களுக்கு மட்டும் அட்டை வடிவமைப்பேன்’ என்று ஒதுங்கிய நண்பர் ஒருவர் ஐந்து மாதங்களில் இரண்டு அட்டைகள் செய்தார். கவிஞர்கள் ஏராளம்; ஆனால் பெரும்பாலோர் அட்டையைப் பதிப்பகத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள், பதிப்பகங்களோ ஏற்கெனவே பழகிய ஓவியரிடம் போகின்றன. தேவை இருந்தது, அதற்குப் பணம் கொடுக்கும் ஆள்தான் வேறிடத்தில் இருந்தார்.

இதைத் தொழிலில் இறங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்த்துவிட முடியும். என் துறைக்கு அதற்கான இடம் மாவட்ட மைய நூலகமாக இருந்தது. தமிழ் நூல்களின் தொடக்கத்திலுள்ள விவரப் பக்கத்தில் பதிப்பகத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அச்சிட்ட இடம், பல நூல்களில் பக்க வடிவமைப்பு செய்தவரின் பெயர், எத்தனையாவது பதிப்பு என்ற விவரம் எல்லாம் இருக்கும். இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்து நூறு நூல்களின் விவரப் பக்கங்களை நோட்டில் எழுதினேன். ஒரே பதிப்பகத்தின் எல்லா நூல்களிலும் ஒரே வடிவமைப்பாளரின் பெயர் இருந்தால் அந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது என்று கொண்டேன். நூலுக்கு நூல் பெயர் மாறினாலோ பெயரே இல்லாவிட்டாலோ குறித்துக்கொண்டேன். 2010-க்கு முன் முதல் பதிப்பு வந்து, மீண்டும் அச்சாகிக்கொண்டிருக்கும் நூல்கள் உள்ள பதிப்பகங்களைத் தனியாகக் கட்டமிட்டேன். நூறு நூல்களில் 34 பதிப்பகங்கள் தேறின, கட்டமிட்டவை 19.

இந்த எண்ணிக்கையை வைத்து நான் போட்ட கணக்கு எளிமையானது. 19 பேரிடம் பேசினால் நான்கு பேராவது ஒரு நூல் கொடுத்துப் பார்ப்பார்கள், அவர்களில் இருவராவது மீண்டும் வருவார்கள், ஒருவர் ஆண்டுக்கு ஐந்து பழைய நூல்களை மறுபதிப்பு செய்தால் எனக்குப் பத்து நூல்கள். அது தனியாகப் பிழைக்கப் போதாது, தொடங்கப் போதும். கட்டமிட்டவை மூன்று அல்லது நான்கு என்று வந்திருந்தால் நான் இந்தத் துறையை விட்டுவிட்டு வேறொன்றை எண்ணியிருப்பேன். எந்தத் துறையானாலும், பணம் கொடுக்கும் நிலையில் உள்ள ஏறத்தாழ இருபது பேரின் பெயரையும் அவர்களை அடையும் வழியையும் ஒருவரால் எழுத முடியாவிட்டால், அது இன்னும் எண்ணமாகத்தான் இருக்கிறது.

அணுகும்போது நான் விளம்பரம் அனுப்பவில்லை. அவர்களே வெளியிட்ட நூல் ஒன்றிலிருந்து இரண்டு பக்கங்களை ஒருங்குறியில் மீண்டும் அமைத்து, பழைய பக்கத்தின் படத்தோடு சேர்த்து, ‘உங்கள் நூலின் இரண்டு பக்கங்களை மாதிரிக்காக மட்டும் மாற்றியிருக்கிறேன்; வேறெங்கும் பயன்படுத்தவில்லை’ என்ற குறிப்புடன் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. எல்லாம் செய்பவரால் இதைச் செய்ய முடியாது. அவர் எதை மாதிரியாக அனுப்புவார்?

எங்கே இடிக்கும்

இந்த வழியின் குறைகளும் அதே அளவுக்கு உறுதியானவை. முதலாவது பருவம். தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி வருவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லாப் பதிப்பாளர்களும் ஒரே நேரத்தில் அவசரப்படுகிறார்கள். அந்த மூன்று மாதங்களில் நான் ஏழு நூல்களை முடித்துவிட்டு இரண்டைத் திருப்பி அனுப்பினேன். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரே ஒரு நூல் வந்தது. எல்லாம் செய்த காலத்தில் வருமானம் குறைவாக இருந்தாலும் மாதந்தோறும் ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது என்பதை மறுக்க முடியாது. வீட்டு வாடகையும் குடும்பமும் தலையில் இருப்பவர் இந்த வேறுபாட்டைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பணம் வரும் வேகம். சிறு பதிப்பகங்களின் கையில் எப்போதும் பணம் இருக்காது. நூலகங்கள் வாங்கிய நூல்களுக்கான தொகை வரட்டும், காட்சி முடியட்டும் என்று தள்ளிப்போகும். ஆகையால் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகே கோப்பைத் திறப்பது, இரண்டு மெய்ப்புகளுக்கு மேல் வரும் திருத்தங்களுக்குத் தனிக் கூலி என்று வைத்துக்கொண்டேன். ஒரே வகை ஆட்களோடு பழகுவதால் இந்த விதிகளை ஒருமுறை வகுத்தால் போதும் என்பது ஒரு வசதி. அதே காரணத்தால் அந்தத் துறைக்குப் பண நெருக்கடி வந்தால் எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே மாதத்தில் கைவிரிப்பார்கள் என்பது அதன் மறுபுறம்.

மூன்றாவதைப் பெரும்பாலோர் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். பழைய எழுத்துருவில் உள்ள நூல்கள் ஒரு குளத்துத் தண்ணீர் போல; புதிதாக யாரும் பாமினியில் நூல் அமைக்கப் போவதில்லை என்றால் குளம் ஒரு நாள் வற்றும். ஒருவருடைய துறை தீர்த்து வைக்கும் சிக்கல் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறதா, மிச்சத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் விஷயத்தில் குளம் இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பது என் ஊகம். அந்த ஊகத்தை நம்பி முழு வாழ்க்கையையும் அதில் கட்டவில்லை.

மற்ற வேலைகளை என்ன செய்வது

குறுகிய துறைக்கு வருகிறவர் மற்ற வேலைகளை அன்றே நிறுத்திவிட வேண்டும் என்று யாராவது சொன்னால், அவருக்கு வேறு வருமானம் இருக்கிறது என்று பொருள். நான் செய்தது வேறு. வெளியே தெரியும் எல்லா இடங்களிலும், ஸ்டேட்டஸ், விசிட்டிங் கார்டு, மின்னஞ்சலின் அடிக்குறிப்பு என எல்லாவற்றிலும், ஒரே வரியை வைத்தேன்: ‘பாமினி, டாப் எழுத்துருக்களிலும் பேஜ்மேக்கரிலும் இருக்கும் பழைய தமிழ் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றி, அச்சுக்கும் கிண்டிலுக்கும் ஏற்ற கோப்பாகத் தருகிறேன்.’ தெரிந்தவர்கள் வழியாக வந்த போஸ்டரையும் அழைப்பிதழையும் முதல் எட்டு மாதங்கள் அமைதியாகச் செய்துகொண்டேதான் இருந்தேன். அவற்றை விளம்பரப்படுத்தவில்லை, அவற்றுக்காகப் புதிதாக எதையும் கற்கவில்லை, வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் கொடுக்கவில்லை. இணையதளம், வீடியோ ஆகிய இரண்டையும் மட்டும் முதல் மாதத்திலேயே விட்டேன். கற்கும் நேரத்தை அதிகம் தின்றவை அவைதாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு ஒரே வரியில் அடங்காது. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணமில்லாமல், இந்த மாதமே வருமானம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு, எல்லா வேலையும் செய்வதே இப்போதைக்குச் சரி. ஆனால் அவர் ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை, பணம் தராத நேரத்தையும் சேர்த்து, எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதத்தில் அந்த நோட்டே எந்த வேலை மறுபடி வந்தது, எதில் இரண்டாம் முறை நேரம் குறைந்தது என்று காட்டிவிடும். சிறிது சேமிப்போ, பகுதி நேர வேலையோ, வீட்டில் இன்னொருவரின் வருமானமோ உள்ளவர் நேரடியாக மூன்றாவது வழிக்கு வரலாம். நடுவழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது குறுக்கியதன் இழப்பைத் தருகிறது, குறுக்கியதன் ஆதாயத்தைத் தருவதில்லை.

தவறான துறையைத் தேர்ந்துவிட்டோமா என்பதை அறிய நான் இரண்டு அளவுகளையே வைத்திருந்தேன். இருபது பேரை அணுகியும் மூன்று மாதங்களில் ஒருவர்கூட முன்பணம் தரவில்லை என்றால் சிக்கலையோ ஆட்களையோ மாற்ற வேண்டும். வேலை வந்தும் மூன்றாவது முறை செய்யும்போது முதல் முறை எடுத்த நேரமே ஆகிறது என்றால், அந்த வேலைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே ஒன்றல்ல; இன்னும் குறுக்க வேண்டும். எனக்கு இரண்டாவது அளவு ஒருமுறை மணி அடித்தது. பாடநூல் துணைவன் ஒன்றை ‘அதுவும் பழைய கோப்புதானே’ என்று எடுத்தேன். உள்ளே சூத்திரங்களும் அட்டவணைகளும் இருந்தன. 120 பக்கத்துக்கு 47 மணி நேரம் ஆயிற்று. அன்று முதல் கதை, கட்டுரை, வரலாறு, நினைவுக் குறிப்பு என்று ஓடும் உரைநடை நூல்களை மட்டுமே எடுக்கிறேன், கணக்கும் அறிவியலும் வந்தால் வேறொருவரின் எண்ணைத் தருகிறேன். அவர் பிப்ரவரியில் எனக்கு ஒரு நாவலை அனுப்பி வைத்தார்.